திருவண்ணாமலைக்கு ஏழு நாள் சராசரி போதாது

2018ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பௌர்ணமியே வரவில்லை. ஜனவரி 2, ஜனவரி 31 என்று முந்தைய மாதத்தில் இரண்டு வந்துவிட்டன. மார்ச் 2, மார்ச் 31 என்று அடுத்த மாதத்திலும் இரண்டு. நடுவில் மாட்டிக்கொண்ட 28 நாள் மாதம் நிறைநிலவு இல்லாமலே கழிந்தது. மற்ற ஊர்களில் இது பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் மட்டும் கவனிக்கிற செய்தி. திருவண்ணாமலையில் அப்படியில்லை. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிற ஊர் இது. பேருந்து, குப்பை, குடிநீர், அன்னதானம், லாட்ஜ் அறை என்று எதை எண்ணினாலும் அந்த எண்ணிக்கைக்குள் நிலவு இருக்கும். அந்த ஆண்டின் மாதாந்திர அட்டவணையை விவரம் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால், ஜனவரியில் ஊர் செழித்தது, பிப்ரவரியில் விழுந்தது, மார்ச்சில் மீண்டது என்று சொல்லிவிடுவார். ஊரில் எதுவும் மாறியிருக்காது. காலண்டர் மாதம் என்ற பெட்டியில் அடைத்ததுதான் தவறு.

மாதக் கணக்கு ஏமாற்றுகிறது என்றால் தினக் கணக்கையே பார்த்துவிடலாமே? பார்க்கலாம். ஆனால் தினக் கணக்கு குதிக்கும். சனி, ஞாயிறில் ஏறும், திங்களில் இறங்கும். முகூர்த்த நாளில் ஒரு மாதிரி, மழை நாளில் வேறு மாதிரி. கூட்டம் பொதுவாகக் கூடுகிறதா குறைகிறதா என்பதை அந்தக் குதிப்புகளுக்குள் கண்டுபிடிப்பது கடினம். இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு: நகரும் சராசரி. இன்றோடு சேர்த்துக் கடந்த சில நாள்களின் எண்ணிக்கையைக் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நாளைக்குக் கணக்குப் போடும்போது நாளைய எண் உள்ளே வரும்; பழைய எண்களில் மிக மூத்தது வெளியே போகும். கணினி அட்டவணையில் `=AVERAGE(B2:B8)` என்று ஒரு கட்டத்தில் அடித்து, கீழே இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

தமிழ்நாட்டில் இதைச் சாமானியர்களுக்குப் பழக்கியது கொரோனா. 2020, 2021ஆம் ஆண்டுகளில் ஒவ்வொரு மாலையும் சுகாதாரத் துறையின் அறிக்கை வரும். தொலைக்காட்சியில் அன்றைய எண் ஓடும். கொஞ்ச நாளில் ‘ஏழு நாள் சராசரி’ என்ற சொல்லும் கூடவே வந்து சேர்ந்தது. அந்தப் பழக்கம் நல்லது. ஆனால் அதோடு, சராசரி என்றாலே ஏழு நாள்தான் என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அன்று ஏழைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் பரிசோதனை குறையும்; நாடு முழுவதற்குமான எண்ணிக்கை அதனால் வாரத் தொடக்கத்தில் தணிந்து, பிறகு ஏறும். நோய்க்கு வாரக் கிழமை தெரியாது, ஆய்வுக்கூடத்துக்குத் தெரியும். ஏழு நாளைச் சேர்த்து வகுத்தால் ஒவ்வொரு முறையும் கணக்குக்குள் ஒரே ஒரு ஞாயிறுதான் இருக்கும். வார ஏற்ற இறக்கம் அப்படியே அடங்கிவிடும்.

இந்த இடத்தில் பலரும் சறுக்குகிறார்கள். நாள்களைக் கூட்டினால் கோடு மேலும் மேலும் வழவழப்பாகும், ஏழைவிடப் பத்து நல்லது என்று நினைக்கிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக வைத்துக்கொண்டவை, உண்மைப் புள்ளிவிவரம் அல்ல. ஊருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 20 ஆயிரம் பேர் வருகிறார்கள். சனி, ஞாயிறில் 40 ஆயிரம் பேர். ஒரு வாரத்துக்கு மொத்தம் ஒரு லட்சத்து 80 ஆயிரம். எந்தக் கிழமையில் தொடங்கி ஏழு நாளைக் கூட்டினாலும் இதே தொகைதான் வரும். சராசரி சுமார் 25,700. கோடு நேராக ஓடும். இப்போது பத்து நாள் எடுங்கள். திங்களில் தொடங்கினால் பத்து நாளுக்குள் இரண்டே விடுமுறை நாள்கள் அகப்படும். சராசரி 24 ஆயிரம். சனியில் தொடங்கினால் நான்கு அகப்படும். சராசரி 28 ஆயிரம். எதுவுமே மாறாத ஊரில் கோடு 24க்கும் 28க்கும் இடையே வாராவாரம் ஆடிக்கொண்டிருக்கும். பத்து ஏழைவிடப் பெரியதுதான். ஆனால் வாரத்தோடு பொருந்தாது. ஆகவே தரவுக்குள் என்ன தாளம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீளத்தை முடிவு செய்வது அதற்குப் பிறகு.

திருவண்ணாமலையில் வாரத் தாளம் இருக்கிறது. அதைவிடப் பன்மடங்கு பெரிய நிலவுத் தாளமும் இருக்கிறது. நம் கற்பனைக் கணக்கில் ஒரு புதன்கிழமை பௌர்ணமி என்று வைத்துக்கொள்வோம். அன்று 20 ஆயிரத்துக்குப் பதில் 3 லட்சம் பேர் வருகிறார்கள். அந்தப் புதனன்று ஏழு நாள் சராசரி 25,700இலிருந்து ஒரே தாவலில் 65,700க்கு ஏறும். வியாழன், வெள்ளி, சனி என்று கூட்டம் கலைந்து ஊர் பழையபடி ஆன பிறகும் சராசரி 65,700இலேயே நிற்கும், ஏனென்றால் அந்தப் புதன் இன்னும் கணக்குக்குள் இருக்கிறது. அடுத்த புதன் வந்ததும் அது வெளியேறும். கோடு மறுபடி 25,700க்குச் சரியும். வரைபடத்தில் பார்த்தால் ஏழு நாள் அகலத்தில் மேசை போல ஒரு மேடு. ‘இந்த வாரம் முழுக்கக் கூட்டம், அடுத்த புதன் திடீரென்று சரிவு’ என்று அதைப் படித்தால் இரண்டுமே பொய். கூட்டம் இருந்தது ஒரு நாள். சரிவு நடந்த புதன்கிழமையில் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. ஏழு நாளுக்கு முந்தைய எண் ஒன்று கணக்கிலிருந்து கழன்றது, அவ்வளவே.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மேட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். ஏழு நாள் சராசரியில் மேடு சரியாக ஏழு நாள் அகலம், பதினான்கு நாள் சராசரியில் பதினான்கு நாள் அகலம் என்று இருந்தால், அது நடப்பின் உருவம் அல்ல. ஒரே ஒரு நாளின் எண், சராசரியின் நீளத்துக்கு இழுக்கப்பட்டிருக்கிறது.

இது நிஜமாகவே நடந்த நாள் ஒன்று தமிழ்நாட்டின் கொரோனா ஏடுகளில் இருக்கிறது. 2020 ஜூலை 22 அன்று வெளிவந்த அரசு அறிக்கையில், அன்றைய 74 மரணங்களோடு, சென்னையில் முந்தைய மாதங்களில் நிகழ்ந்து கணக்கில் சேராமல் விடுபட்ட 444 மரணங்களும் சேர்க்கப்பட்டன. ஒரே நாளில் 518. விடுபட்டதைச் சேர்த்தது சரியான செயல். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அறிக்கைத் தேதியை வைத்துத் தானாகவே ஏழு நாள் சராசரி போடுகிற வரைபடத்தில் என்ன ஆகும்? 444ஐ ஏழால் வகுத்தால் 63 சொச்சம். ஜூலை 22 முதல் 28 வரை சராசரி நாளுக்கு 63 கூடுதலாகக் காட்டும். அப்போது தினசரி மரணம் 70, 80 என்ற அளவில் இருந்ததால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஜூலை 29 அன்று கோடு செங்குத்தாக இறங்கும். அந்த வரைபடத்தை நம்பி ஜூலை கடைசியில் மரணம் குறையத் தொடங்கிவிட்டது என்று யாராவது மூச்சு விட்டிருந்தால், அது இல்லாத ஆறுதல். சராசரியின் நீளத்தை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. ஏழுக்குப் பதில் முப்பது போட்டால் மேடு தணியும், ஆனால் முப்பது நாள் நீளும். அந்த 444 பேரையும் அவரவர் இறந்த தேதிக்கு எடுத்துச் சென்று வைப்பதுதான் தீர்வு. சராசரி போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.

முன்வேலை என்ற பேச்சு வந்ததால் இன்னொன்று. கணக்கு எடுக்காத நாளின் கட்டத்தைச் சிலர் காலியாக விடுவார்கள். சிலர் பூஜ்யம் போடுவார்கள். கணினி காலிக் கட்டத்தை விட்டுவிட்டு, மீதி ஆறு நாளால் வகுக்கும். பூஜ்யத்தை யாருமே வராத நாள் என்று நம்பி ஏழால் வகுக்கும். விடுமுறையில் போன எழுத்தர் ஒருவர் ஊரின் கூட்டத்தை ஒரு வாரத்துக்குச் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைத்துவிட முடியும்.

சரி, நிலவுத் தாளத்துக்கு எத்தனை நாள் எடுப்பது? ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்குச் சராசரியாக 29.53 நாள். தேதிக் கணக்கில் இடைவெளி சில மாதம் 29 நாள், சில மாதம் 30 நாள். இங்கேதான் தொல்லை. 28 நாள் எடுத்தால் நான்கு முழு வாரம். வார ஆட்டம் சுத்தமாக அடங்கும். ஆனால் இடைவெளி 29 நாள் ஆகும் மாதத்தில் ஒரு நாளும், 30 நாள் ஆகும் மாதத்தில் இரண்டு நாளும் கணக்குக்குள் பௌர்ணமியே இருக்காது. நம் கற்பனை எண்களில் 35,700இல் ஓடிக்கொண்டிருக்கிற கோடு ஓரிரு நாள் 25,700 என்ற பள்ளத்தில் விழுந்து ஏறும். 30 நாள் எடுத்தால் இதற்கு நேர்மாறு: இடைவெளி 29 நாளாக இருக்கும் மாதத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டு பௌர்ணமிகள் உள்ளே வந்து, கோட்டில் ஒரு முள் குத்தி நிற்கும்.

அரைநாளை எந்த முழு எண்ணாலும் பிடிக்க முடியாது. ஆனால் இரண்டு நிலவு மாதங்களைச் சேர்த்தால் 59.06 நாள், அதாவது கிட்டத்தட்ட சரியாக 59. கடந்த 59 நாள்களை எடுத்தால் அதற்குள் அநேகமாக எப்போதும் இரண்டு பௌர்ணமிகள் இருக்கும், அரிதாகத்தான் தவறும். 59இல் எட்டு வாரமும் மூன்று நாளும் இருப்பதால் வாரக் கணக்கு முழுதாக ஒத்துவராது. ஆனாலும் நம் எண்களில் அந்தப் பிசிறு 700 பேருக்குள் அடங்கிவிடும். 35 ஆயிரத்தில் அது பொருட்டல்ல. திருவண்ணாமலையில் கூட்டம் நெடுங்காலப் போக்கில் ஏறுகிறதா என்று கேட்பவருக்கு என் பரிந்துரை 59 நாள்தான். எந்தப் பாடநூலும் இந்த எண்ணைச் சொல்லாது. இது இந்த ஊரின் எண்.

இதற்கு விலை உண்டு. கடந்த நாள்களை மட்டும் வைத்துப் போடுகிற சராசரி எப்போதும் பழைய செய்தியைத்தான் சொல்லும். ஏழு நாள் சராசரி மூன்று நாளுக்கு முந்தைய நிலவரத்தைக் காட்டுகிறது. 59 நாள் சராசரி 29 நாளுக்கு முந்தையதை. கொரோனாவால் 2020 மார்ச் முதல் சுமார் இரண்டு ஆண்டு கிரிவலத்துக்குத் தடை இருந்தது. தடை நீங்கிக் கூட்டம் ஒரே பௌர்ணமியில் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தாலும், 59 நாள் கோடு முழு உயரத்தை எட்ட இரண்டு பௌர்ணமி வேண்டும். அதைப் பார்த்து ‘மக்கள் தயங்கித் தயங்கித் திரும்புகிறார்கள்’ என்று எழுதினால், தயக்கம் மக்களுடையதல்ல, சராசரியுடையது.

நாளுக்கு முன்னும் பின்னுமாக 29, 29 என்று எடுத்து அந்த நாளை நடுவில் வைத்தால் தாமதம் போய்விடும்; பழைய ஆண்டுகளை ஆராய்பவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் கடைசி 29 நாளுக்குக் கோடே இருக்காது. இன்றைய நிலவரம் வேண்டும் என்பவருக்கு அது பயன்படாது. மழை, முகூர்த்தம் போன்ற தற்செயல்களால் வரும் ஏற்ற இறக்கமும் நாள்களைக் கூட்டுகிற வேகத்தில் குறைவதில்லை: நாள்களை நான்கு மடங்காக்கினால் அது பாதியாகத்தான் குறையும், தாமதமோ ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே தாளம் கேட்பதைவிட நீளமாக எடுப்பதில் லாபம் குறைவு.

இந்தத் தாமதத்தையும் நிலவையும் கவனிக்காமல் ‘முன், பின்’ ஒப்பீடு செய்வதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் பிழை. சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிய ரயில் 2024 மே முதல் வாரத்தில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. நெடுநாள் கோரிக்கை. அந்த ரயிலால் ஊருக்குக் கூட்டம் கூடியதா? முந்தைய 30 நாள் சராசரியையும் பிந்தைய 30 நாள் சராசரியையும் எடுத்து ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றும். இரண்டிலும் ஒவ்வொரு பௌர்ணமிதான் இருக்கிறது, நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் முந்தைய 30 நாளில் இருப்பது ஏப்ரல் 23 சித்ரா பௌர்ணமி. கார்த்திகை தீபத்தை விட்டால் ஆண்டிலேயே பெருங்கூட்டம் கூடும் நாள்களில் ஒன்று அது. பிந்தைய 30 நாளில் இருப்பது மே 23, வைகாசிப் பௌர்ணமி. அப்படி ஒப்பிட்டால், ரயில் வந்ததால் கூட்டம் குறைந்தது என்ற முடிவுக்குக்கூட ஒருவர் வந்து சேரலாம். சித்திரையைச் சித்திரையோடும் வைகாசியை வைகாசியோடும் ஒப்பிட்டால்தான் ரயில் செய்தது என்ன என்று தெரியும்.

இதுவரை ‘ஒரு நாள்’ என்று சொல்லிக்கொண்டே வந்தோம். இந்த ஊரில் ஒரு நாள் எப்போது தொடங்குகிறது என்பதே கேள்விதான். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் வர உகந்த நேரம் என்று கோயில் நிர்வாகம் அறிவிக்கும். திதி ஒரு தேதியில் தொடங்கி மறு தேதியில் முடியும். வெயில் தாழ்ந்த பிறகு ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு நடக்கத் தொடங்குகிறவர்கள் இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று ஒவ்வொன்றாகக் கும்பிட்டு, ஈசான்ய லிங்கத்தைத் தாண்டி ஊருக்குள் வருவதற்குள் நான்கைந்து மணி நேரம் ஆகிவிடும். இரவு பத்து மணிக்குப் புறப்பட்டவர் முடிப்பது விடியற்காலை. அவர் வந்து இறங்கிய பேருந்து ஒரு தேதியில், திரும்பிப் போகும் பேருந்து மறு தேதியில். நள்ளிரவில் நாளை வெட்டுகிற எந்தக் கணக்கும் ஒரே கூட்டத்தை இரண்டாகப் பிளந்து இரண்டு நாளுக்குப் பங்கு போடும். அதுவும் திதி தொடங்கும் நேரத்தைப் பொறுத்து ஒரு மாதம் பாதிப் பாதியாக, இன்னொரு மாதம் முக்கால் கால் என்று. ‘இந்தப் பௌர்ணமியில் கூட்டம் குறைவு’ என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி, மறுநாள் கணக்கில் போய் ஒளிந்துகொண்ட கூட்டமாக இருக்கும்.

நாள் கணக்கை நண்பகலில் வெட்டினால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும். உச்சி வெயிலில் கிரிவலப் பாதையில் ஆள் குறைவு. இன்று நண்பகல் முதல் நாளை நண்பகல் வரை ஒரு நாள் என்று எண்ணினால் பௌர்ணமி இரவு முழுதாக ஒரே கட்டத்தில் விழும். குப்பைக்கு இந்த விதி பொருந்தாது. இரவில் நடந்தவர்கள் போட்ட பாக்குமட்டைத் தட்டும் தண்ணீர் பாட்டிலும் எடைமேடைக்கு வந்து சேர்வது மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான். குப்பை எடையையும் கூட்டத்தையும் ஒரே தேதியில் வைத்துத் தலைக்கு எத்தனை கிராம் என்று வகுக்கிறவர்கள், பௌர்ணமியன்று பக்தர்கள் அதிசயமாகச் சுத்தம் என்றும், மறுநாள் வந்த சிலர் மட்டும் மலைமலையாகக் குப்பை போட்டார்கள் என்றும் கண்டுபிடிப்பார்கள்.

இப்போது ஒரு அடிப்படைக் கேள்விக்கு வருவோம். நம் கற்பனை ஊரில் 59 நாள் சராசரி சுமார் 35 ஆயிரம். அந்த ஊருக்கு 35 ஆயிரம் பேர் வந்த நாள் ஏதாவது உண்டா? இல்லை. 20 ஆயிரம் வந்தார்கள், 40 ஆயிரம் வந்தார்கள், 3 லட்சம் வந்தார்கள். 35 ஆயிரம் என்பது போக்கைப் பார்ப்பதற்கான எண். ஏற்பாடு செய்வதற்கான எண் அல்ல. அதை வைத்துக் கழிப்பறை கட்டினால் சாதாரண நாளில் ஏறக்குறைய பாதி பூட்டிக் கிடக்கும், பௌர்ணமியில் எட்டில் ஒருவருக்குக்கூடப் போதாது. அரசுப் போக்குவரத்துக் கழகம் பௌர்ணமிக்கு என்று தனியாகச் சிறப்புப் பேருந்து விடுகிறதே, அது சராசரியை நம்பாத புத்தி.

அந்தப் புத்தியைக் கணக்கிலும் கொண்டுவரலாம். பௌர்ணமி நாள்களை அட்டவணையிலிருந்து பிரித்து எடுத்துத் தனி வரிசையில் வையுங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ எண்கள். அவற்றைச் சராசரியாக்க வேண்டாம், சென்ற ஆண்டின் அதே தமிழ் மாதப் பௌர்ணமியோடு ஒப்பிட்டால் போதும். மீதி நாள்களுக்கு ஏழு நாள் சராசரி போடுங்கள். நிலவு போய்விட்டதால் மிஞ்சியிருப்பது வாரத் தாளம் மட்டும். ஏழு இப்போது நியாயமான எண், மூன்று நாள் தாமதத்தோடு ஊரின் நாடியைச் சொல்லும்.

பிரித்தெடுக்கச் சோம்பல் என்றால், ஏழு நாளின் சராசரிக்குப் பதில் ஏழில் நடு எண்ணை எடுக்கலாம். சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கி நான்காவதை எடுப்பது. பெரிய எண் ஒன்று எவ்வளவு பெரியதானாலும் அது அசையாது. ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நள்ளிரவு வெட்டால் பௌர்ணமி இரண்டு தேதியாகப் பிளந்து, அவை வார நாள்களில் வந்தால், சனி ஞாயிறோடு சேர்ந்து ஏழில் நான்கு பெரிய எண்களாகிவிடும். நடு எண் 20 ஆயிரத்திலிருந்து 40 ஆயிரத்துக்குத் தாவும். நண்பகலில் வெட்டியிருந்தால் பெரியவை மூன்றுதான். நடு எண் 20 ஆயிரத்திலேயே நிற்கும்.

ஆண்டுக் கணக்கில் இதே பிரச்சினை கார்த்திகை தீபத்தின் உருவில் வருகிறது. 2021இல் மகா தீபம் நவம்பர் 19. 2022இல் டிசம்பர் 6. 2023இல் நவம்பர் 26. 2024இல் டிசம்பர் 13. 2025இல் டிசம்பர் 3. நவம்பருக்கு நவம்பர், டிசம்பருக்கு டிசம்பர் என்று ஒப்பிடுகிற வழக்கமான அரசு அட்டவணை இந்த ஊருக்கு ஆகாது என்பது தேதிகளைப் பார்த்தாலே தெரியும். 365 நாள் நகரும் சராசரி போட்டால் தப்பலாமா? தப்ப முடியாது. 2022 தீபத்துக்கும் 2023 தீபத்துக்கும் இடைவெளி 355 நாள். அதனால் 2023 நவம்பர் 26 முதல் டிசம்பர் 5 வரை பத்து நாள் சராசரிக்குள் இரண்டு தீபங்கள் உட்கார்ந்திருக்கும். 2023 தீபத்துக்கும் 2024 தீபத்துக்கும் இடைவெளி 383 நாள். அதனால் 2024 நவம்பர் 25 முதல் டிசம்பர் 12 வரை பதினெட்டு நாள் ஒரு தீபம்கூட உள்ளே இருக்காது. ஆண்டின் மிகப்பெரிய கூட்டம் கணக்கிலேயே இல்லாத ‘ஆண்டுச் சராசரி’. அந்தப் பதினெட்டு நாளில் யாராவது நிதி ஒதுக்கீட்டுக்காக அந்தக் கோட்டின் முனையைப் படித்திருந்தால், திருவண்ணாமலை தேய்கிறது என்று எழுதியிருப்பார்.

சராசரி இருக்கிற அலையை மறைப்பது மட்டுமல்ல, இல்லாத அலையை உண்டாக்கவும் செய்யும். 1927இல் மாஸ்கோவில் ஸ்லட்ஸ்கி என்ற பொருளியலாளர் இதை வேடிக்கையான முறையில் காட்டினார். அரசு லாட்டரிக் குலுக்கலில் விழுந்த எண்களை எடுத்து, பத்துப் பத்தாகக் கூட்டி நகர்த்திக்கொண்டே போனார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்கள். ஆனால் கிடைத்த கோடு ஏறி இறங்கி, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வியாபார ஏற்றத்தாழ்வுக் கோட்டைப் போலவே இருந்தது. பக்கத்துப் பக்கத்துச் சராசரிகள் பத்தில் ஒன்பது எண்களைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் அவை ஒன்றையொன்று ஒட்டியே நகரும், கண்ணுக்கு அலையாகத் தெரியும். (லாட்டரிச் சீட்டில் ‘அடுத்து வரும் எண்’ கண்டுபிடித்துச் சொன்னவர்களை நம் ஊரும் பார்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிக்குத் தடை வரும்வரை அந்த வித்தைக்கு நல்ல கிராக்கி.) எனவே வழவழப்பான கோட்டில் ‘மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூட்டம் கூடுகிறது’ போன்ற புதிய விதி ஏதாவது தென்பட்டால், அதை வழவழப்பாக்காத தினக் கணக்கில் தேடிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அது சராசரி போட்டவர் பெற்ற பிள்ளை.

திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியானது. இனி திட்டங்கள் பெரிதாகும். திட்ட அறிக்கைகளில் ‘சராசரியாக நாளொன்றுக்கு இத்தனை பேர்’ என்ற வரி தவறாமல் வரும். அந்த வரியை எழுதப்போகும் மாநகராட்சி, கோயில் நிர்வாகம், போக்குவரத்துக் கழகம், ரயில்வே ஆகியவற்றிடம் கேட்பது அதிகமில்லை. சராசரியோடு அது எத்தனை நாளுக்கானது, கடந்த நாள்களா, முன்பின் நாள்களா என்பதையும் எழுதுங்கள். பௌர்ணமி, தீப நாள் எண்களைத் தனிப் பத்தியில் கொடுங்கள். நாள் கணக்கை நண்பகலில் வெட்டுங்கள். முடியாவிட்டால் எங்கே வெட்டினீர்கள் என்றாவது சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வழவழப்பாக்காத தினசரி எண்களைப் பொதுமக்கள் தரவிறக்கிக்கொள்ளும்படி வெளியிடுங்கள். அவை கையில் இருந்தால் ஏழு நாளோ 59 நாளோ, வேண்டிய சராசரியை அவரவர் போட்டுக்கொள்ளலாம். சராசரி மட்டும் கையில் இருந்தால் தினக் கணக்கைத் திரும்பப் பெற வழியில்லை.